காசு போயிடுச்சு, ரீசார்ஜ் ஏறலை: முதலில் யாரிடம் கேட்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வந்து நிற்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "அண்ணே, ஜிபேல காசு போயிடுச்சு, பிளான் ஏறலை. பேங்குக்குப் போகணுமா, 198-க்குப் போன் பண்ணணுமா?" பாதிப் பேர் அதற்குள் பேங்குக்குப் போய்விட்டு வந்திருப்பார்கள். "பேமென்ட் சக்சஸ் ஆயிடுச்சு, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்று அங்கே சொல்லியிருப்பார்கள். மீதிப் பேர் சிம் கம்பெனிக்குப் போன் செய்திருப்பார்கள். "உங்க நம்பருக்கு எந்த ரீசார்ஜும் வரலை" என்று பதில் வந்திருக்கும். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பணம் அவர்கள் இருவருக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. அது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பணம் எந்த வழியாகப் போகிறது

யூபிஐ ஆப்பில் ரீசார்ஜ் பட்டனை அழுத்தியதும் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை, உங்கள் பேங்கிலிருந்து ஆப் நிறுவனத்துக்கோ அதன் பேமென்ட் ஏஜென்சிக்கோ பணம் போவது. அது முடிந்த பிறகுதான் இரண்டாவது வேலை தொடங்கும். ஆப் நிறுவனம், நேரடியாகவோ நடுவில் இருக்கும் இன்னொரு ஏஜென்சி வழியாகவோ, சிம் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு "இந்த நம்பருக்கு இந்தத் தொகையைப் போடு" என்று உத்தரவு அனுப்பும். சிம் கம்பெனி அதை ஏற்று ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் தரும். அதன் பிறகே உங்களுக்கு எஸ்எம்எஸ் வரும்.

முதல் வேலைக்குப் பேங்க் பொறுப்பு. இரண்டாவது வேலைக்கு ஆப் பொறுப்பு. ரெஃபரன்ஸ் நம்பர் கிடைத்த பிறகும் பிளான் ஏறவில்லை என்றால் சிம் கம்பெனி பொறுப்பு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

புகாருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

முதலில், அவசரப்பட்டு இன்னொரு முறை ரீசார்ஜ் செய்யாதீர்கள். நின்றுபோன ரீசார்ஜ் சில மணி நேரம் கழித்துத் தானாக ஏறுவது உண்டு. நீங்கள் இரண்டாவதும் போட்டிருந்தால் இரண்டுமே ஏறிவிடும். ஏறிவிட்ட ரீசார்ஜுக்குப் பணம் திரும்ப வாங்குவது மிகவும் கஷ்டம். போன் இல்லாமல் முடியாது என்ற நிலை இருந்தால், அன்றைக்குச் சமாளிக்கிற மாதிரி இருப்பதிலேயே சின்ன பிளானைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிளான் உண்மையிலேயே ஏறவில்லையா என்று சிம் கம்பெனியின் சொந்த ஆப்பில் பாருங்கள். பழைய பிளான் முடிவதற்குள் புதியது போட்டால், அது வரிசையில் காத்திருக்கும். ஜியோவில் இது வழக்கம். பழையது முடிந்த பிறகுதான் புதியது தொடங்கும். டேட்டா தீர்ந்துவிட்டது என்று ரீசார்ஜ் செய்தவர்களுக்கு, வேலிடிட்டி மீதி இருப்பதால் ஒன்றுமே ஏறாதது போலத் தெரியும். அங்கே "Upcoming" என்ற மாதிரித் தலைப்பின் கீழ் உங்கள் புது பிளான் இருந்தால் எந்தப் புகாரும் தேவையில்லை. மெயின் பேலன்ஸையும் பார்த்துவிடுங்கள். தொகை பிளானாக மாறாமல் பேலன்ஸாக ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படி என்றால் பணம் சிம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, கேள்வியை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, ரசீதில் இருக்கும் மொபைல் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். காண்டாக்ட்டில் ஒரே பெயரில் இரண்டு நம்பர் இருந்து, பழைய நம்பருக்குப் போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வேறு ஒருவரின் நம்பருக்கு ஏறிவிட்டால் அது கோளாறு ஆகாது, உங்கள் கைத்தவறு. எந்த விதியும் அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. உடனே ஆப்பிலும் சிம் கம்பெனியிலும் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

புதுச்சேரிக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்தில் சேர்ந்தவை. கடலூர் சிம்முக்கும் புதுச்சேரி சிம்முக்கும் அதனால் வித்தியாசம் கிடையாது. ஆனால் மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம். அங்கே வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்தவர்கள், அங்கே வாங்கிய சிம்மை இங்கே ரீசார்ஜ் செய்யும்போது யாராவது "தமிழ்நாடு" என்று தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த வட்டத்தில் இல்லாத பிளான் என்று நிராகரிக்கப்படும். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போர்ட் செய்த நம்பரிலும் இதே கதை. ஆப் பழைய கம்பெனியின் பெயரையே காட்டும், நாமும் கவனிக்காமல் பணம் கட்டிவிடுவோம். இந்த இரண்டிலும் சிம் கம்பெனி மறுத்துவிடுவதால், பணம் ஆப் நிறுவனத்திடமே நிற்கும்.

இரண்டு ஸ்டேட்டஸ், மூன்று கதவுகள்

இப்போது ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள். அதில் பேமென்ட்டின் நிலை தனியாகவும் ரீசார்ஜின் நிலை தனியாகவும் இருக்கும். நிறைய பேர் மேலே இருக்கும் பச்சை டிக்கை மட்டும் பார்த்துவிட்டு "சக்சஸ்னு போட்டிருக்கே" என்கிறார்கள். அது பேமென்ட்டுக்கான டிக்காக இருக்கலாம். கீழே ரீசார்ஜ் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பேமென்ட்டே "Pending" அல்லது "Failed" என்று இருந்து, பேங்கில் பணம் கழிந்திருந்தால் முதல் கதவு பேங்க். பேமென்ட் "Success", ரீசார்ஜ் மட்டும் "Pending", "Processing" அல்லது "Failed" என்றால் முதல் கதவு அந்த ஆப். இரண்டும் "Success", கூடவே சிம் கம்பெனியின் ரெஃபரன்ஸ் நம்பரும் இருக்கிறது, பிளான் மட்டும் இல்லை என்றால் முதல் கதவு சிம் கம்பெனி.

கதவைத் தட்டுவதற்கு முன்னால் கையில் வைத்திருக்க வேண்டியது: 12 இலக்க யூடிஆர் நம்பர், ஆப் தந்த ஆர்டர் நம்பர், ரெஃபரன்ஸ் நம்பர் இருந்தால் அதுவும், பணம் கழிந்த தேதியும் நேரமும், பேங்க் எஸ்எம்எஸ். யூடிஆர் என்பது பேங்க் கணக்கில் அந்தப் பரிவர்த்தனைக்கு உள்ள அடையாள எண். பாஸ்புக்கிலும் ஸ்டேட்மென்ட்டிலும் அதே எண்தான் வரும். ஸ்டேட்டஸ் மாறுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளைக்கு "Processing" என்பது "Success" என்று மாறியிருந்தால், நேற்று என்ன இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

முதல் கதவு: பேமென்ட்டே நின்றுபோனால்

இதற்கு ரிசர்வ் வங்கியின் தெளிவான விதி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், நடுவில் நின்றுபோன பரிவர்த்தனைகளுக்குக் கெடுவும் நஷ்டஈடும் நிர்ணயித்தார்கள். யூபிஐயில் கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டிய பணம் கணக்கிலிருந்து கழிந்து, அந்தப் பக்கம் உறுதிச் செய்தி போகவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். ஏடிஎம் கார்டு அல்லது கிரெடிட் கார்டு போட்டு ஆன்லைனில் கட்டியதற்கும் இதே 5 நாள், இதே 100 ரூபாய்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு 349 ரூபாய் கழிகிறது, பேமென்ட் "Pending". விதியில் சொல்லும் நாள் காலண்டர் நாள், அதனால் நடுவில் வரும் சனி ஞாயிறையும் சேர்த்தே எண்ண வேண்டும். கெடு 8-ஆம் தேதி புதன்கிழமை முடிகிறது. பணம் 13-ஆம் தேதிதான் வந்தது என்றால், 9-லிருந்து 13 வரை 5 நாள் தாமதம். 349 ரூபாயோடு 500 ரூபாய் நஷ்டஈடும் வர வேண்டும். நீங்கள் கேட்காமலே வரவு வைக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் 349 மட்டும் வந்து நிற்பதும் நடக்கிறது. அப்போது இந்தத் தேதிகளை எழுதிக் காட்டிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

முதல் நாளே கிளைக்கு ஓட வேண்டியதில்லை. யூபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் பதியுங்கள். பேங்கின் மொபைல் ஆப்பிலும் பதியலாம். புகாரின் வகையைக் கேட்கும் இடத்தில் கவனம் தேவை. "பணம் கழிந்தது, வியாபாரிக்கு உறுதி போகவில்லை" என்பது ஒரு வகை. "பேமென்ட் ஆனது, பொருளோ சேவையோ கிடைக்கவில்லை" என்பது வேறு வகை. உங்கள் ஸ்டேட்டஸுக்கு எது பொருந்துகிறதோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வகை மாறினால் "பேமென்ட் சக்சஸ்" என்ற ஒரு வரியோடு புகாரை மூடிவிடுவார்கள். கோபத்தில் "எனக்குத் தெரியாமல் பணம் எடுத்துவிட்டார்கள்" என்று மோசடி வகையில் பதிகிறவர்களும் இருக்கிறார்கள். யூபிஐ பின் போட்டு அனுப்பியது நீங்கள்தான் என்று பேங்க் பதிவில் இருக்கும். புகாரும் நிற்காது, கணக்கில் தேவையில்லாத தடை விழவும் கூடும்.

இரண்டாவது கதவு: பணம் ஆப்பில் நின்றால்

என் கடைக்கு வருகிற புகாரில் பெரும்பகுதி இந்த வகைதான். இங்கேதான் ஆட்கள் அதிகம் அலைக்கழிகிறார்கள். காரணம், மேலே சொன்ன 5 நாள் விதியை இங்கேயும் பொருத்திப் பார்க்கிறார்கள். பேங்க் கணக்குப்படி அந்தப் பேமென்ட் முழுமையாக முடிந்துவிட்டது. பணம் போக வேண்டிய நிறுவனத்துக்குப் போய்விட்டது. அதனால் பேங்க் "முடியாது" என்பதைத் தப்பென்று சொல்ல முடியாது. பணத்தை வைத்திருப்பவர் திருப்பித் தர வேண்டும், அவர் ஆப் நிறுவனம்.

ஆப்புக்குள் அந்த ஆர்டரைத் திறந்து, அதிலிருந்தே உதவிப் பகுதிக்குப் போங்கள். பொதுவான உதவிப் பக்கத்துக்குப் போய்ப் புதிதாக எழுதினால் ஆர்டர் நம்பர் புகாரோடு ஒட்டாது, பதில்கள் பொத்தாம்பொதுவாக வரும். சாட்டில் தானியங்கிப் பதில் வந்தால் அதோடு நிறுத்தாமல் டிக்கெட் நம்பர் வரும்வரை போக வேண்டும். எழுதுவதை இப்படிச் சுருக்கமாக எழுதலாம்:

"3-ஆம் தேதி இரவு 9.10-க்கு இந்த ஆர்டரில் 349 ரூபாய் கட்டினேன். பேமென்ட் ஆகிவிட்டது, யூடிஆர் இது. என் நம்பரில் பிளான் ஏறவில்லை, சிம் கம்பெனியிலிருந்து எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை. ரீசார்ஜ் ஆகிவிட்டது என்றால் சிம் கம்பெனியின் ரெஃபரன்ஸ் நம்பரைத் தாருங்கள். ஆகவில்லை என்றால் பணத்தை அதே பேங்க் கணக்குக்குத் திருப்பி, ரீஃபண்டின் யூடிஆரைத் தாருங்கள்."

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் இந்தப் புகாரின் உயிர். ரெஃபரன்ஸ் நம்பர், இல்லையென்றால் ரீஃபண்ட் யூடிஆர். இரண்டில் ஒன்றை அவர்கள் தந்தே ஆக வேண்டும். "சரிபார்க்கிறோம்", "48 மணி நேரம் காத்திருங்கள்" என்று மட்டும் பதில் வந்தால், அந்த நேரம் முடிந்ததும் அதே டிக்கெட்டில் அதே இரண்டு வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள். புது டிக்கெட் போட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

"ரீஃபண்ட் செய்தாயிற்று, வரலையா?" என்று சொல்லும்போது இரண்டு இடத்தில் தேடுங்கள். ஒன்று, அந்த ஆப்பின் வாலட். பேங்க் கணக்குக்கு வராமல் அங்கே ஏறியிருக்கலாம். இன்னொன்று, பேங்க் ஸ்டேட்மென்ட். சின்னத் தொகைக்குப் பல பேங்குகள் எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை. பணம் வந்து கிடக்கும், நாம் எஸ்எம்எஸ்ஸுக்குக் காத்திருப்போம். ரீஃபண்ட் யூடிஆர் கையில் இருந்தும் ஸ்டேட்மென்ட்டில் அந்த எண் இல்லை என்றால்தான் பேங்க் கிளைக்குப் போக வேண்டிய நேரம். அப்போது கிளையில் "இந்த எண்ணில் வந்த பணம் எங்கே" என்று திட்டவட்டமாகக் கேட்க முடியும், அவர்களும் தேடிச் சொல்ல முடியும்.

ஆப் நிறுவனம் பதிலே தராமல் இழுத்தடித்தால், யூபிஐ புகாரில் "சேவை கிடைக்கவில்லை" என்ற வகையில் பேங்க் வழியாகவும் பதியலாம். அதை இரண்டாவது படியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் கேட்ட டிக்கெட் நம்பர் இல்லாமல் அங்கே போனால் முதலில் வியாபாரியிடம் கேளுங்கள் என்றே அனுப்புவார்கள்.

மூன்றாவது கதவு: சிம் கம்பெனி

ரெஃபரன்ஸ் நம்பர் கைக்கு வந்த பிறகு 198-க்குப் போன் செய்யுங்கள். புகாருக்கான இலவச எண் அது. உங்கள் போனிலிருந்து அழைப்பு போகவில்லை என்றால் அதே கம்பெனி சிம் வைத்திருக்கும் வீட்டில் வேறு ஒருவரின் போனிலிருந்து செய்யலாம், அல்லது வைஃபையில் கம்பெனியின் ஆப்பைத் திறந்து அங்கே பதியலாம். "ரீசார்ஜ் ஏறலை" என்று மட்டும் சொன்னால் அவர்கள் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்று வைத்துவிடுவார்கள். "இந்த ரெஃபரன்ஸ் நம்பரில், இந்தத் தேதியில், இந்தத் தொகைக்கு உங்கள் பக்கம் என்ன பதிவு இருக்கிறது?" என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே மாறிவிடும்.

புகாரைப் பதிந்து டாக்கெட் நம்பர் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் நம்பர் தர வேண்டும், அதை எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்ப வேண்டும். அந்த நம்பர் இல்லாத போன் அழைப்பு வெறும் பேச்சுதான். அடுத்த படிக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அவர்கள் சொன்ன நாளில் தீரவில்லை, அல்லது தீர்வு சரியில்லை என்றால், அதே கம்பெனிக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய மின்னஞ்சல் முகவரி கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும்.

டிராய்க்கே எழுதிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டிலும் தீரவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு pgportal.gov.in வழியாக எழுதலாம்.

கடையில் போட்ட ரீசார்ஜ் என்றால்

என் பக்கத்து விஷயம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்து நீங்கள் கட்டிய 349 ரூபாய் கடைக்காரரின் கணக்குக்கு வருகிறது. அது முடிந்துபோன பேமென்ட். பிறகு அவர் தன்னுடைய ரீசார்ஜ் ஆப்பில், தான் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் பேலன்ஸிலிருந்து உங்கள் நம்பருக்கு ஏற்றுகிறார். இரண்டுக்கும் பேங்க் பதிவில் எந்தத் தொடர்பும் இல்லை. அதனால் பேங்கிலோ யூபிஐ ஆப்பிலோ புகார் கொடுத்துப் பயன் இல்லை. முதல் கதவு கடைக்காரர் மட்டுமே.

அவருடைய ஆப்பில் உங்கள் நம்பருக்கு எதிரே ஸ்டேட்டஸும் ரெஃபரன்ஸ் நம்பரும் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "Failed" என்று இருந்தால் அவருடைய பேலன்ஸுக்குப் பணம் திரும்பியிருக்கும், உங்களுக்கு அப்போதே தர வேண்டும். "Pending" என்றால் அவர் பணமும் மாட்டிக்கொண்டிருக்கிறது, முடிவு தெரியும்வரை கொஞ்சம் பொறுப்பது நியாயம். "Success" என்றால் ரெஃபரன்ஸ் நம்பரை வைத்து அவர் தன் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேட்க வேண்டும், நீங்கள் 198-இல் கேட்க வேண்டும். நல்ல கடைக்காரர் இதைத் தானே செய்து கொடுப்பார். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் தேதி, நம்பர், தொகை எழுதி வாங்குவது இருவருக்கும் நல்லது.

ஒரு நடந்த கதை

கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு அம்மா. மகன் புதுச்சேரி சேதராப்பட்டில் கம்பெனி வேலை. அம்மாவின் நம்பருக்கு அவன்தான் மாதாமாதம் ஆப்பில் ரீசார்ஜ் செய்வான். ஒரு இரவு போட்டான். பேமென்ட் ஆனது, ரீசார்ஜ் "Processing" என்று நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் "Success" என்று மாறியிருந்தது, ஆனால் அம்மாவால் யாருக்கும் போன் செய்ய முடியவில்லை. துறைமுகத்தில் ஏலம் நடக்கும் நேரத்தில் போன் இல்லை என்றால் அவருக்கு அன்றைய வியாபாரமே போய்விடும்.

மகன் பேங்கில் கேட்டான், சக்சஸ் என்றார்கள். 198-இல் கேட்டான், எதுவும் வரவில்லை என்றார்கள். ஆப்பில் கேட்டான், ரீசார்ஜ் ஆகிவிட்டது, சிம் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். "மூணு பேரும் மாத்தி மாத்திச் சொல்றாங்கண்ணே" என்று என்னிடம் வந்தான்.

ஆர்டரைத் திறந்து பார்த்தோம். "Success" என்று இருந்தது, ஆனால் ரெஃபரன்ஸ் நம்பர் இருக்க வேண்டிய இடம் காலி. சந்தேகம் அங்கேதான் வந்தது. சிம் கம்பெனி ஏற்றிருந்தால் நம்பர் இருந்திருக்க வேண்டும். ஆப்பின் டிக்கெட்டில் அந்த நம்பரை மட்டும் கேட்டு எழுதச் சொன்னேன். ஒரு எண்ணை அனுப்பினார்கள். அதை வைத்து 198-இல் கேட்டதும், அப்படி ஒரு பதிவே எங்களிடம் இல்லை என்றார்கள். அதை டாக்கெட் நம்பரோடு எஸ்எம்எஸ்ஸாக வாங்கினான். அந்த எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட்டை ஆப்பின் பழைய டிக்கெட்டிலேயே சேர்த்து, "சிம் கம்பெனி வரவில்லை என்கிறது, டாக்கெட் இது, பணத்தைத் திருப்பி ரீஃபண்ட் யூடிஆர் தாருங்கள்" என்று எழுதினான். நடுவில் இருந்த ஏஜென்சி தவறான தகவல் கொடுத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பினார்கள். எஸ்எம்எஸ் வரவில்லை. யூடிஆரை வைத்து ஸ்டேட்மென்ட்டில் தேடியபோது முந்தைய நாளே வரவு வந்திருந்தது.

மூன்று பேரும் வாயால் சொன்னது ஒன்றுக்கொன்று முரண்பட்டது. ஒருவர் எழுத்தில் கொடுத்ததை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

கேர் நம்பரைத் தேடும்போது

இதை மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். 349 ரூபாய்க்காகக் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி, கணக்கில் இருந்த மொத்தத்தையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். தேடலில் வரும் நம்பர்களில் மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எக்ஸ், ஃபேஸ்புக்கில் உங்கள் புகாரை வெளிப்படையாக எழுதினால், கம்பெனிப் பெயரில் போலிக் கணக்குகள் தாமே வந்து பேசும். ஆப்புக்கு உள்ளே இருக்கும் உதவி, சிம் கம்பெனியின் 198, பேங்க் பாஸ்புக்கிலும் கார்டின் பின்பக்கத்திலும் அச்சிட்ட நம்பர், இவை மட்டும் போதும். பணம் திரும்ப வருவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் போடு, ஓடிபி சொல், ஸ்கிரீனைக் காட்டும் ஆப்பை இறக்கு என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

முதல் கதவு திறக்காதபோது

பேங்கில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஓம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் பதியலாம். இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. பேங்குக்குக் கொடுத்த புகாரின் நகல் கட்டாயம். சிம் கம்பெனி மேல் உள்ள புகாரை அங்கே எடுக்க மாட்டார்கள்.

ஆப் நிறுவனம், சிம் கம்பெனி இரண்டுக்கும் பொருந்தும் வழி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை, உங்கள் புகாரை நிறுவனத்தின் பொறுப்பானவரிடம் அனுப்பிப் பதில் வாங்குவார்கள். சின்னத் தொகைக்கு இதுவே பெரும்பாலும் போதும் என்பது என் எண்ணம்.

அதற்கும் மேலே போக நினைத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி நிறுவனத்தின் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்ற சந்தேகம் நீண்ட காலம் இருந்தது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்கைப் பதியலாம். கடலூரில் குடியிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர், இரண்டு ஊரில் எது வசதியோ அங்கே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டிய விஷயங்களுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டிக்கெட் நம்பர், டாக்கெட் நம்பர், யூடிஆர், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி இணைத்தால் போதும்.